கல்–காகிதம்–கத்தரி ஆட்டமும் பெனால்டி உதையும்: கலப்பு உத்தியில் எனக்குப் புரியாத இரண்டு இடங்கள்

மாலினி_க எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்–காகிதம்–கத்தரி ஆட்டத்தில் மூன்றையும் மூன்றில் ஒரு பங்கு வீதம் எந்த ஒழுங்கும் இல்லாமல் காட்டுவதே சிறந்த ஆட்டம் என்றும், இப்படிக் கலந்து ஆடுவதையே கலப்பு உத்தி என்கிறார்கள் என்றும் படித்தேன். அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் யோசிக்க யோசிக்க இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன.

எதிராளி மூன்றில் ஒரு பங்கு வீதம் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால், நான் எப்போதும் கல்லையே காட்டினாலும் எனக்கு வெற்றி, தோல்வி, சமன் ஆகிய மூன்றும் ஒரே அளவில்தான் வரும். அப்படியானால் என்னுடைய மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் எந்த வகையில் "சிறந்தது"? இது முதல் சந்தேகம்.

கால்பந்தில் பெனால்டி உதைப்பதும் இதே வகை ஆட்டம் என்கிறார்கள். அங்கே இடமும் வலமும் உதைப்பவருக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பக்கம் அவருக்கு எளிது. ஆகவே பாதிக்குப் பாதி என்ற விடை பொருந்தாது. எத்தனை பங்கு என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது இரண்டாவது சந்தேகம். பள்ளிக்கூட இயற்கணிதம் அளவுக்கு எனக்குக் கணக்கு வரும். அதற்குள் யாராவது விளக்க முடியுமா?

வலதுகால்10 எழுதியது:

இதில் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. எதிராளியால் நம்மை ஊகிக்க முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழி, ஒரு முறை அடித்த பக்கத்தில் அடுத்த முறை அடிக்காமல் இருப்பது. கல் காட்டினால் அடுத்து கல்லைக் காட்டக்கூடாது. பெனால்டியைப் பொறுத்தவரை, யாருக்கு எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் அதிகமாக அடிக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கோல் விழும் வாய்ப்பு அதிகம். இருபது ஆண்டுகளாக ஐரோப்பிய லீக் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன் என்பதால் சொல்கிறேன்.

கணக்கன் எழுதியது:

மாலினி அவர்களின் முதல் சந்தேகம் மிகச் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். எதிராளி மூன்றில் ஒரு பங்கு வீதம் ஆடும்போது நீங்கள் எதைக் காட்டினாலும் ஒன்றுதான் என்பது உண்மை. உங்கள் கலவை உங்களுக்குக் கூடுதலாக எதையும் சம்பாதித்துத் தருவதற்கு அன்று. எதிராளிக்கு எந்தத் தேர்வும் மற்றதைவிட நல்லதாக இல்லாமல் செய்வதற்கே அது இருக்கிறது.

நீங்கள் நூறு ஆட்டத்தில் நாற்பது முறை கல்லும், முப்பது முறை காகிதமும், முப்பது முறை கத்தரியும் காட்டுகிறீர்கள் என்று கொள்வோம். எந்த வரிசையில் காட்டுகிறீர்கள் என்பதை யாராலும் ஊகிக்க முடியாது. பங்குகள் மட்டும் எதிராளிக்குத் தெரியும். அவர் எப்போதும் காகிதத்தையே காட்டினால் நாற்பது முறை வெல்வார், முப்பது முறை தோற்பார், முப்பது முறை சமன். நூறு ஆட்டத்தில் பத்து அவருக்கு லாபம். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே கையைக் காட்டியிருக்கிறார், நீங்களோ ஊகிக்க முடியாதபடி ஆடியிருக்கிறீர்கள்; இருந்தும் இழப்பு உங்களுக்கு. எனவே ஊகிக்க முடியாமல் இருப்பது மட்டும் போதாது, பங்கும் சரியாக இருக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் இந்தக் கலவைக்கு ஒரு குறையும் உண்டு. எதிராளி எப்போதும் கல்லையே காட்டும் ஏமாளியாக இருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு வீதம் ஆடும் உங்களுக்கு அதனால் ஒரு பைசா கூடக் கிடைக்காது. தோல்விக்கு எதிரான காப்புறுதி அது. வெற்றிக்கு அதில் உத்தரவாதம் இல்லை. இந்தச் சிந்தனையை இரண்டு பேர் ஆடும், ஒருவர் வென்றது மற்றவர் இழந்ததற்குச் சமமான எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாக 1928இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் நிறுவினார்.

இரண்டாவது கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். கல்லால் வென்றால் மட்டும் இரண்டு ரூபாய், மற்ற வெற்றிகளுக்கு ஒரு ரூபாய். தோற்றவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். இப்போது எந்தக் கையை எத்தனை பங்கு காட்டுவீர்கள்?

மாலினி_க எழுதியது:

கணக்குப் போடாமல் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: கல்லைச் சற்று அதிகமாகக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. பாதி கல், கால் பங்கு காகிதம், கால் பங்கு கத்தரி?

வலதுகால்10 எழுதியது:

நானும் அதையேதான் சொல்வேன். பரிசு எங்கே கூடுதலோ அங்கே கை போகும்.

கணக்கன் எழுதியது:

பாதி கல் காட்டுபவரை எதிர்த்து நான் காகிதத்தையே காட்டிக்கொண்டிருப்பேன். பாதி ஆட்டங்களில் ஒரு ரூபாய் வெல்வேன், கால்வாசி ஆட்டங்களில் ஒரு ரூபாய் தோற்பேன், மீதி சமன். ஆட்டத்துக்குச் சராசரியாகக் கால் ரூபாய் என் பைக்கு வரும்.

சரியான பங்கைக் காண, எதிராளியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். உங்கள் கல்லின் பங்கு r, காகிதத்தின் பங்கு p, கத்தரியின் பங்கு s என்க. எதிராளியின் ஒவ்வொரு கைக்கும் சராசரி வரவு இது:

```
கல்:     2s − p
காகிதம்:  r − s
கத்தரி:   p − 2r
```

இருவருக்கும் ஒரே விதிகள் என்பதால் இந்த ஆட்டத்தில் யாருக்கும் நிலையான லாபம் இருக்க முடியாது. ஆகவே மூன்றும் சுழியாக வேண்டும். இரண்டாவது வரி r = s என்கிறது, முதல் வரி p = 2s என்கிறது. பங்குகளைக் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்பதால் கல் கால் பங்கு, காகிதம் அரைப் பங்கு, கத்தரி கால் பங்கு. கல்லுக்குப் பரிசை இரட்டிப்பாக்கியதும் கல்லின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, காகிதம்தான் கூடியது. கல்லுக்கு ஆசைப்படும் எதிராளியைக் காகிதம்தான் அடக்கும்; அதே கல்லுக்குப் பயந்து கத்தரியும் ஒதுங்குகிறது. உங்கள் பங்கைத் தீர்மானிப்பது எதிராளியின் வரவு–செலவே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சேமிப்பு_சுந்தரம் எழுதியது:

மிக நல்ல விளக்கம். நானும் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கலப்பு உத்தியைத்தான் பின்பற்றி வருகிறேன்: அறுபது விழுக்காடு வங்கி வைப்பு, நாற்பது விழுக்காடு பங்குச் சந்தை. இந்தக் கணக்கை வைத்து 60–40 சரியா, 70–30 சரியா என்று சொல்ல முடியுமா?

கணக்கன் எழுதியது:

சுந்தரம் ஐயா, நீங்கள் செய்வது வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கிறீர்கள். பெனால்டி உதைப்பவரால் பந்தின் அறுபது விழுக்காட்டை இடப்புறமும் நாற்பதை வலப்புறமும் அனுப்ப முடியாது. அவர் ஒவ்வொரு முறையும் முழுமையாக ஒரு பக்கம்தான் அடிக்கிறார்; எந்தப் பக்கம் என்பதைத்தான் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் விடுகிறார். மேலும், உங்கள் முதலீட்டைத் தோற்கடிப்பதற்காக எதிரே யாரும் நின்று உங்களைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. படிக்கும் எதிராளி இல்லாத இடத்தில் குலுக்கலுக்கு வேலை இல்லை.

பந்துக்காப்பாளன்_யாழ் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குபவன், முன்னர் பந்துக்காப்பாளனாக விளையாடியவன். இந்தக் கணக்கின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கல்–காகிதம்–கத்தரியில் இருவரும் ஒரே கணத்தில் கையைக் காட்டுகிறார்கள். தண்ட உதையில் அப்படி இல்லை. உதைப்பவர் நிலத்தில் ஊன்றும் கால் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனித்தால் பந்து போகும் திசை பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது, கடைசி வரை பொறுத்திருந்து பார்த்துப் பாய்வதைத்தான். அவர்கள் அப்படிப் பிடித்தும் இருக்கிறார்கள்.

கணக்கன் எழுதியது:

அண்ணா, உங்கள் மறுப்பு உங்கள் மைதானத்துக்குச் சரி என்றே நினைக்கிறேன். தொழில்முறை ஆட்டத்தில் அது ஏன் மாறுகிறது என்பதைத் தூரமும் வேகமும் சொல்லிவிடும். பந்து வைக்கும் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து 0.4 விநாடியில் கோட்டை அடைந்துவிடும். கோலின் அகலம் 7.32 மீட்டர், ஆகவே நடுவில் நிற்கும் காப்பாளர் கம்பத்தை ஒட்டிய பந்தை எட்ட ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கடக்க வேண்டும். பந்து கிளம்பியதைக் கண்டபின் புறப்பட்டால் அந்த நேரம் போதாது. ஆகவே உதைக்கும் கணத்திலோ அதற்குச் சற்று முன்னரோ அவர் ஒரு பக்கத்தை முடிவு செய்தாக வேண்டும். அதைக் கிட்டத்தட்ட ஒரே நேரத் தேர்வாக எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் உதைக்கும் சிறுவன் என்றால் 0.66 விநாடி கிடைக்கிறது, பொறுத்திருந்து பார்ப்பது பலன் தரும். அங்கே ஆட்டமே வேறு.

இனி மாலினியின் இரண்டாவது கேள்வி. வலதுகாலால் உதைப்பவருக்குத் தன் இடப்பக்கம் அடிப்பது இயல்பாக வரும். காலை வீசும் போக்கிலேயே பந்து அங்கே செல்லும். இதை இயல்புப் பக்கம் என்றும், மற்றதை எதிர்ப்பக்கம் என்றும் அழைப்போம். இடதுகால்காரருக்கு இது தலைகீழாகும். இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்த்தா என்ற பொருளியலாளர் 1995 முதல் 2000 வரை நடந்த 1,417 பெனால்டிகளைத் தொகுத்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் கிடைத்த கோல் விகிதங்களை முழு எண்ணாக்கித் தருகிறேன்:

```
உதை எதிர்ப்பக்கம், காப்பாளர் எதிர்ப்பக்கம்:   58
உதை எதிர்ப்பக்கம், காப்பாளர் இயல்புப் பக்கம்:  95
உதை இயல்புப் பக்கம், காப்பாளர் எதிர்ப்பக்கம்:  93
உதை இயல்புப் பக்கம், காப்பாளர் இயல்புப் பக்கம்: 70
```

எண்கள் எல்லாம் நூற்றுக்கு எத்தனை கோல் என்பதைக் குறிக்கின்றன. காப்பாளர் தவறான பக்கம் பாய்ந்தாலும் நூறு வராததற்குக் காரணம், சில பந்துகள் கம்பத்தில் பட்டும் வெளியே சென்றும் வீணாவதுதான்.

உதைப்பவர் எதிர்ப்பக்கம் அடிக்கும் பங்கு k என்க. காப்பாளருக்கு இரு பக்கமும் ஒன்றாகத் தோன்றும்படி k அமைய வேண்டும். அவர் எதிர்ப்பக்கம் பாய்ந்தால் விழும் கோல் 58k + 93(1 − k). இயல்புப் பக்கம் பாய்ந்தால் விழுவது 95k + 70(1 − k). இரண்டையும் சமப்படுத்தினால்:

```
93 − 35k = 70 + 25k
23 = 60k
k = 23/60 ≈ 0.38
```

இதேபோல் காப்பாளர் எதிர்ப்பக்கம் பாயும் பங்கு q என்று வைத்து, உதைப்பவருக்கு இரு பக்கமும் ஒன்றாகும்படி கணக்கிட்டால் 95 − 37q = 70 + 23q, அதாவது q = 25/60, ஏறக்குறைய 0.42. அந்த நிலையில் எந்தப் பக்கம் அடித்தாலும் நூற்றுக்கு 79.6 கோல்.

இப்போது களத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆய்வில் உதைத்தவர்கள் எதிர்ப்பக்கம் அடித்தது 40 விழுக்காடு, காப்பாளர்கள் அந்தப் பக்கம் பாய்ந்தது 42 விழுக்காடு. ஒருவர்கூடத் தாளில் சமன்பாடு எழுதியிருக்க மாட்டார்.

வலதுகால்10 எழுதியது:

நான் சொன்னதுதானே வந்திருக்கிறது! பலமான பக்கம் 62, பலவீனமான பக்கம் 38.

மாலினி_க எழுதியது:

வலதுகால் அவர்களே, பங்கு நீங்கள் சொன்ன பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது சரி, ஆனால் நீங்கள் சொன்ன காரணம் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். பலமான பக்கத்தில் கோல் விழும் வாய்ப்பு அதிகம் என்றீர்கள். காப்பாளர் 42–58 என்று பாயும்போது இரு பக்கத்திலும் ஒரே 79.6 தான் வருகிறது. ஒரு பக்கம் உண்மையாகவே அதிகம் தந்துகொண்டிருந்தால் உதைப்பவர் எல்லாரும் அங்கேயே அடிப்பார்கள், காப்பாளர் எல்லாரும் அங்கேயே பாய்வார்கள், விகிதம் 70க்கு இறங்கிவிடும். பலமான பக்கத்தின் பலத்தைக் காப்பாளரே பாதி தின்றுவிடுகிறார். கணக்கன் ஐயா, சரியா?

கணக்கன் எழுதியது:

மிகச் சரி. களத்தைச் சோதிக்கும் முறையும் அதுவே. ஒரு வீரரின் பழைய பெனால்டிகளை எடுத்து, அவர் இடப்பக்கம் அடித்தபோதும் வலப்பக்கம் அடித்தபோதும் கிடைத்த கோல் விகிதம் ஏறக்குறைய ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 90, மறுபக்கம் 65 என்று நெடுங்காலம் நீடித்தால் அவர் 90 தரும் பக்கத்தைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று பொருள். எல்லா வீரர்களையும் ஒன்றாகச் சேர்த்த சராசரியை நம்பினால் ஏமாறலாம், ஏனென்றால் பத்துப் பேர் எப்போதும் இடமும் பத்துப் பேர் எப்போதும் வலமும் அடித்தாலும் சராசரி பாதிக்குப் பாதி என்றே காட்டும். அதனால் அந்த ஆய்வில் 30க்குக் குறையாத பெனால்டிகளில் பங்கேற்ற 22 உதைப்பவர்களையும் 20 காப்பாளர்களையும் தனித்தனியாகவும் சோதித்தார்கள். மிகப் பெரும்பாலானோர் தேறினார்கள்.

வலதுகால் சொன்ன "ஒரு முறை அடித்த பக்கத்தில் அடுத்த முறை அடிக்காதே" என்பதற்கும் அங்கேயே விடை உண்டு. அதைப் பின்பற்றுபவரின் முந்தைய உதையைப் பார்த்தாலே அடுத்தது எங்கே என்று காப்பாளருக்கு உறுதியாகத் தெரிந்துவிடும். பங்கும் 50–50 ஆகிவிடும், அது தவறான பங்கு. சரியாக ஆடுபவர் இயல்புப் பக்கம் அடித்த பிறகும் அடுத்ததை அங்கேயே அடிக்க 62 விழுக்காடு வாய்ப்பு இருக்க வேண்டும். முந்தைய உதைக்கு நினைவே இருக்கக்கூடாது. தொழில்முறை வீரர்களின் தேர்வுகளில் அப்படி முந்தையதைச் சார்ந்த போக்கு பெரும்பாலும் தென்படவில்லை. சாதாரண மனிதர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சீனாவின் சேஜியாங் பல்கலைக்கழகத்தில் 360 மாணவர்களைக் கல்–காகிதம்–கத்தரி ஆடவைத்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று கைகளின் மொத்தப் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டியே இருந்தது. ஆனால் வென்றவர்கள் அதே கையில் நிற்கவும், தோற்றவர்கள் அடுத்த கைக்கு மாறவும் சாய்ந்தார்கள். பங்கு சரி, வரிசை தவறு. கவனிக்கும் எதிராளிக்கு அது போதும்.

நொடிமுள் எழுதியது:

23/60 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு வழி தோன்றியது. மனித மூளையால் ஒழுங்கில்லாமல் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் கடிகாரத்தைக் கேட்கலாமே? உதைக்கும் முன் விநாடியைப் பார்க்க வேண்டும். 0 முதல் 22 வரை இருந்தால் எதிர்ப்பக்கம், 23 முதல் 59 வரை இருந்தால் இயல்புப் பக்கம். கல்–காகிதம்–கத்தரிக்கும் விநாடியை மூன்றால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும்.

பந்துக்காப்பாளன்_யாழ் எழுதியது:

தம்பி, நல்ல யோசனைதான், ஆனால் மைதானத்துப் பெரிய கடிகாரத்தைக் காப்பாளரும் பார்ப்பார். உங்கள் விதி ஒருநாள் அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பாய்வார். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு விளையாட நடுவர் விடமாட்டார். வேண்டுமானால் உடை மாற்றும் அறையிலேயே முடிவு செய்து வரலாம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஓடிவரும்போது மனம் மாறுகிற பிள்ளைதான் பெரும்பாலும் பந்தைச் சரியாக உதைக்காமல் விடுகிறது.

நொடிமுள் எழுதியது:

ஏற்கிறேன் ஐயா. அறையில் விநாடி முள்ளைப் பார்த்து முடிவு செய்து, அதை யாரிடமும் சொல்லாமல் களத்துக்கு வர வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

வலதுகால்10 எழுதியது:

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பெரிய போட்டிகளில் இது உதவுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2008 மே 21 அன்று மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். மேலே சொன்ன அதே பலாசியோஸ்-ஹுவெர்த்தா செல்சி அணிக்கு முன்கூட்டியே குறிப்பு அனுப்பியிருந்தார். மான்செஸ்டர் யுனைடெட் காப்பாளர் எட்வின் வான் டெர் சார் உதைப்பவரின் இயல்புப் பக்கமே அதிகமாகப் பாய்கிறார் என்பது அந்தக் குறிப்பில் ஒரு முக்கியச் செய்தி. செல்சி வீரர்கள் பெரும்பாலும் அவருடைய இடப்பக்கமே அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்சியின் அனெல்கா உதைக்க வந்தபோது வான் டெர் சார் கையை நீட்டித் தன் இடப்பக்கத்தைக் காட்டினார். அனெல்கா மறுபக்கம் அடித்தார், வான் டெர் சார் அங்கே பாய்ந்து தடுத்தார், யுனைடெட் பெனால்டி உதைகளில் 6–5 என்று வென்றது. கணக்குத் தெரிந்த அணிதான் தோற்றது!

கணக்கன் எழுதியது:

இந்த நிகழ்ச்சியை எடுத்ததற்கு நன்றி. இதில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. காப்பாளர் சரியான பங்கிலிருந்து விலகினால், அதாவது இயல்புப் பக்கம் 58 விழுக்காட்டை விட அதிகமாகப் பாய்ந்தால், உதைப்பவருக்குக் கலவையே வேண்டாம். எதிர்ப்பக்கம் அடித்தாலே கூடுதல் கோல் கிடைக்கும். உதாரணமாக, அவர் 70 விழுக்காடு இயல்புப் பக்கம் பாய்ந்தால், எதிர்ப்பக்க உதைக்கு 0.3 × 58 + 0.7 × 95, ஏறக்குறைய 84 வரும். இயல்புப் பக்க உதைக்கு 77 தான். குறிப்பு இந்த வேலைக்கு உரியது, அது எதிராளியின் குறையைப் பயன்படுத்துவது. ஆனால் பயன்படுத்தத் தொடங்கிய கணத்தில் நாமும் சரியான பங்கிலிருந்து விலகிவிடுகிறோம். ஓர் அணி தொடர்ந்து ஒரே பக்கம் அடிப்பதைக் காப்பாளர் கவனித்துவிட்டால் நமது சாய்வு அவருக்குக் கிடைத்த குறிப்பாகிவிடும். வான் டெர் சார் கைகாட்டியது தானும் அதைக் கண்டுகொண்டதாகச் சொல்வதற்கு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எத்தனையாவது உதையோடு அந்தக் குறிப்பைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று கேட்டால் அதற்குச் சூத்திரம் கிடையாது. பின்வாங்க விரும்புபவருக்குப் பாதுகாப்பான இடம் 38–62தான் என்பதை மட்டும் கணக்கு சொல்லும். ஒரே ஒரு உதை தடுக்கப்பட்டதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகச் சரியாக ஆடுபவருக்கும் ஐந்தில் ஒன்று வீணாகத்தான் போகும்.

மாலினி_க எழுதியது:

இதுவரை இரண்டு பக்கங்களை மட்டுமே பேசினோம். நடுவில் அடிப்பவர்கள் இருக்கிறார்களே? 1976 ஜூன் 20 அன்று பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனேன்கா, மேற்கு ஜெர்மனியின் செப் மையர் ஒரு பக்கம் பாய்ந்துவிட, பந்தை மெதுவாக நடுவில் தூக்கிப் போட்ட காட்சியைக் காணொளியில் பார்த்திருக்கிறேன்.

கணக்கன் எழுதியது:

இந்த இடத்தில்தான் கணக்கு எனக்கு முழு நிறைவு தரவில்லை. பிரெஞ்சு, இத்தாலிய லீக்குகளின் 459 பெனால்டிகளை ஆராய்ந்து 2002இல் ஷியாப்போரி, லெவிட், குரோஸ்குளோஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், நடுவில் உதைக்கப்பட்டவை 17 விழுக்காடு. காப்பாளர் நடுவில் நின்றதோ வெறும் 11 முறை. காப்பாளர் நடுவில் நிற்பதே அபூர்வம் என்றால் எல்லாரும் நடுவிலேயே அடிக்கலாமே என்று தோன்றும். பாயும் காப்பாளரின் பின்தங்கிய காலில் சில பந்துகள் படும் என்பதால் நடு உதையும் முழு நிச்சயம் இல்லை என்பது விடையின் ஒரு பகுதி. மற்றொரு பகுதியாக நான் சந்தேகிப்பது அவமானத்தை. நடுவில் அடித்த பந்தை அசையாமல் நின்ற காப்பாளர் பிடித்துக்கொண்டால் உதைத்தவருக்கு ஏற்படும் தலைகுனிவு, ஓரத்தில் அடித்துத் தடுக்கப்பட்டவருக்கு இல்லை. அப்படியானால் வீரர்கள் ஆடும் ஆட்டத்தின் வரவு–செலவு கோலை மட்டும் எண்ணுவதில்லை. அதை எந்த எண்ணாக எழுதுவது?

பந்துக்காப்பாளன்_யாழ் எழுதியது:

காப்பாளனுக்கும் அதே நிலைதான். பாய்ந்து தவறவிட்டால் "பாவம், முயற்சி செய்தான்" என்பார்கள். நின்றபடி விட்டால் "மரம் மாதிரி நின்றான்" என்பார்கள். என்னைக் கேட்டால், பார்வையாளர் இல்லாத பயிற்சியில் நிற்பவர்கள், போட்டியில் நிற்பதில்லை.

வலதுகால்10 எழுதியது:

எனக்கு இது மானப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. காப்பாளர் நடுவில் நிற்கத் தொடங்கினால் இரு ஓரமும் திறந்துவிடும், 95ம் 93ம் அவருக்குத் தெரியும். ஆகவே அவர் நிற்காததே சரியான கணக்காகவும் இருக்கலாம்.

கணக்கன் எழுதியது:

இருக்கலாம். உங்கள் கருத்தை மறுக்கப் போதுமான தரவு என்னிடம் இல்லை. காப்பாளர் நடுவில் நின்றது அவ்வளவு அரிதாக இருப்பதால், அங்கே நின்றால் எத்தனை தடுப்பார் என்பதை உறுதியாகச் சொல்லும் எண்ணும் கிடைப்பதில்லை.

மாலினி_க எழுதியது:

நேற்று இரவு கணக்கன் ஐயாவின் அட்டவணையை வைத்து ஒன்றைச் செய்து பார்த்தேன். உதைப்பவர் பயிற்சி செய்து, காப்பாளர் தவறான பக்கம் பாயும்போது இயல்புப் பக்கத்தில் பந்தை வெளியே அடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார் என்று வைத்தேன். அதாவது 93 என்பது 97 ஆகிறது, மற்றவை மாறவில்லை. கணக்கிட்டால் 27 = 64k, ஆகவே k = 0.42. இயல்புப் பக்கத்தில் திறமை கூடிய பிறகு அங்கே அடிக்கும் பங்கு 62லிருந்து 58 ஆகக் குறைகிறது! கல்லின் பரிசை இரட்டித்தபோது நடந்ததேதான் இது என்று நினைக்கிறேன்: காப்பாளர் இயல்புப் பக்கத்தைக் கூடுதலாகக் காக்கத் தூண்டப்படுகிறார், அவரை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் கூட வேண்டியிருக்கிறது. மொத்த லாபம் 79.6லிருந்து 80.5, நூறு உதைக்கு ஒரு கோல்கூட இல்லை.

அதற்குப் பதிலாக, காப்பாளர் சரியாகப் பாய்ந்தாலும் எட்ட முடியாதபடி இயல்புப் பக்கத்தில் ஓரமாகவும் வேகமாகவும் அடிக்கப் பழகி 70ஐ 74 ஆக்கினால் k = 19/56, அதாவது 0.34. இப்போது இயல்புப் பக்கத்தின் பங்கு கூடுகிறது, மொத்தம் 81.1 ஆகிறது. அதே நான்கு புள்ளி முன்னேற்றம், ஆனால் பலன் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கணக்கன் எழுதியது:

சரிபார்த்தேன், எண்கள் எல்லாம் சரி. இந்த ஒப்பீட்டை நான் இதுவரை செய்து பார்த்ததில்லை.

பந்துக்காப்பாளன்_யாழ் எழுதியது:

பிள்ளை, கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக உயர்த்த முடியும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓரமாகவும் வேகமாகவும் அடிக்கப் பழகுகிற பிள்ளை பந்தைக் கம்பத்துக்கு வெளியிலும் அதிகமாக அடிக்கும். 70 என்பது 74 ஆகும்போது 93 என்பது 90க்கோ 89க்கோ இறங்கினால் என்ன வரும் என்பதையும் போட்டுப் பாருங்கள். அதற்குள் நான் எங்கள் பிள்ளைகளின் உதைகளை இரண்டு பத்தியாகப் பிரித்துக் குறித்து வைக்கிறேன்: காப்பாளன் சரியாகப் பாய்ந்தபோது ஒன்று, தவறாகப் பாய்ந்தபோது ஒன்று. இதுவரை கோல் விழுந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் எழுதி வந்தோம்.